முதலில் கழித்த காசு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும். கலியாணம் பேசும்போதே பெண் வீட்டார் வீட்டைக் காட்ட வேண்டும். என் வாப்பாவால் காட்ட முடிந்தது எட்டுப் பேர்ச் வளவு மட்டும்தான். கல்முனையில் இருந்து தெற்கே, பிரதான வீதியில் இறங்கிக் கடல் பக்கமாக ஐந்து நிமிடம் நடந்தால் வரும் மணல் வளவு. அதில் நான்கு தென்னையும் ஒரு கிணறும் இருந்தன. என்னைக் கேட்டு வந்தவர், "வளவு போதும், ஊட்ட நான் கட்டிக்குவன்" என்று சொன்னாராம். ஊரில் அதை ஒரு குறையாகத்தான் பேசினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுக்க முடியாத வாப்பா, பெண் வீட்டைத் தானே கட்டப் போகும் மாப்பிள்ளை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவர் நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதினார். நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வணிகப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அரசாங்க நியமனம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று காத்திருந்தே வயது போய்விட்டது. உம்மா வீட்டின் ஒரு பக்கத்து அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தோம். மகளுக்குப் பதினொரு வயதானபோதுதான் வீட்டுக்கடன் எடுத்தோம்.

கடன் என்றதும் எங்களுக்கு முதலில் வந்த பயம் வட்டி. வட்டி ஹறாம், மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதனால் முதலில் இஸ்லாமிய வங்கிமுறைக் கருமபீடத்துக்குத்தான் போனோம். அவர்கள் எங்கள் பங்காகப் போடச் சொன்ன முற்பணம் எங்களிடம் இல்லை. ஆறு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் சாதாரண வங்கி ஒன்றில் முப்பத்தைந்து இலட்சம் எடுத்தோம். பதினைந்து வருடம். மாதத் தவணை நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். வட்டி வீதம் நிலையானதல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தையைப் பார்த்து மாற்றுவார்கள். வளவு என் பெயரில் இருந்ததால் அதை அடகு வைக்கும் ஈட்டு உறுதியில் நான் கையெழுத்து வைத்தேன். கடன் அவர் பெயரில், அவருடைய சம்பளத்தின் மேல்.

கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சொன்னார்: "அல்லாஹ் மன்னிப்பான். கெதியா முடிச்சிருவம்."

அந்த 'கெதியா'வை, சீக்கிரம் என்ற அந்தச் சொல்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன்.

வீடு எழும்பி, நாங்கள் குடிபோய், முன் அறையில் என் வகுப்புகள் தொடங்கியதும் பிள்ளைகள் பெருகினார்கள். மூன்று வகுப்பு ஐந்து வகுப்பானது. அவருடைய சம்பளத்தில் தவணையும் வீட்டுச் செலவும் போக, என் டியூஷன் காசில் மாதம் முப்பதாயிரம் மிஞ்சத் தொடங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்களுக்கு மிச்சம் என்று ஒன்று வந்தது. அதை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குள் வந்த முதல் உண்மையான பிணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தாளில் எழுதி வைத்திருந்ததை அவருக்கு முன்னால் வைத்தேன். மாதம் முப்பதாயிரத்தைக் கடனின் முதலில், அதாவது அசலில், கழித்துக்கொண்டு போனால் பதினைந்து வருடக் கடன் ஏழு வருடத்துக்குள் முடியும்.

அவர் தாளைப் பார்த்தார். கணக்கு எழுதுகிறவர், ஒரு பிழையும் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

"கணக்கு சரி புள்ள. ஆனா பாதியக் கட்டுவம், பாதிய வெச்சிக்குவம்."

"எங்க வெக்கிற?"

"முழாறபாக் கணக்கொண்டு திறப்பம். லாபத்தில பங்கு தருவாங்க, வட்டி இல்ல. கொஞ்சம் சேர்ந்தா அறுவடை நேரம் நெல் வாங்கிப் போடலாம், நாலு மாசத்தில விலை ஏறும். ஆலைக்குள்ள இரிக்கிறவன் எனக்குத் தெரியாதா?"

"அவங்க தாற லாபம் நூத்துக்கு எட்டு. நாம கட்டுற வட்டி நூத்துக்குப் பதிமூண்டரை. பதிமூண்டரைக் கடன வெச்சிக்கிட்டு எட்டுக்குக் காசி போடுறது எந்த ஊர்ப் புத்தி மச்சான்?"

"நெல்லுக்கு எட்டு இல்ல, கூட வரும்."

"வராமலும் போகும். வட்டி வராமப் போகுமா?"

அவர் சிரித்தார். "நீ டீச்சர். நான் கிளாக்கர். கதைச்சி வெல்லேலாது." கை கழுவ எழுந்தவர், நின்று சொன்னார்: "கையில இரிக்கிற காசிதான் காசி. அத மட்டும் யோசி."

நான் யோசிக்கவில்லை. என் பக்கம் கணக்கும் இருந்தது, மார்க்கமும் இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் நிற்கும்போது மனிதருக்கு யோசிக்கத் தோன்றாது.

முதல் ஒரு இலட்சம் சேர்ந்ததும் வங்கிக்குப் போனோம். ஒரு இலட்சத்துக்குக் குறைவாக முற்கூட்டிக் கட்டுவதை ஏற்கமாட்டார்கள். கட்டும் தொகையில் நூற்றுக்கு இரண்டு கட்டணமும் எடுப்பார்கள். காசைக் கருமபீடத்தில் கட்டிவிட்டுச் சந்தோஷமாக வந்தேன். அடுத்த மாதக் கணக்குக் கூற்றைப் பார்த்தால் முதல் குறையவே இல்லை. நாங்கள் கட்டியதை வரப்போகும் இரண்டு மாதத் தவணைக்கான முற்பணமாகப் போட்டு வைத்திருந்தார்கள்.

கோபத்தோடு திரும்பிப் போனபோதுதான் கடன் பிரிவில் இருந்த மிஸ்ஸைச் சந்தித்தேன். கல்முனையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டீச்சர், சும்மா கட்டினா அட்வான்ஸாத்தான் போகும். 'முதலில் கழிக்கவும்' எண்டு கடிதம் தரணும். அதோட இன்னொண்டும் எழுதணும். மாதத் தவணையைக் குறைக்கவா, இல்ல தவணை அப்படியே இருக்க, காலத்தைக் குறைக்கவா?"

"எதில வட்டி மிச்சம்?"

"காலத்தைக் குறைச்சாத்தான் மிச்சம் கூட."

"அப்ப காலம்."

அவர் பேனையை நீட்டினார். பிறகு, "கையில ஒரு ஆறு மாதச் செலவுக்கு வெச்சிருக்கிறீங்கதானே?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி போலத்தான் இருந்தது. நான் ஓம் என்றேன். எங்களிடம் ஒரு மாதச் செலவுக்குத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடிதத்தை எழுதினேன். ஒரே வசனங்கள், திகதி மட்டும் மாறும். மற்றப் பெண்கள் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு வளையல் சேர்த்தார்கள். நான் முதலைக் குறைத்தேன். மகள் சப்பாத்து கேட்டால் அடுத்த மாதம் என்பேன். அவர் பழைய மோட்டார் சைக்கிளையே மூன்று தடவை இயந்திரம் பிரித்துக் கட்டி ஓடினார். கூற்றில் அந்தத் தொகை இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதைச் சுகம் என்று அப்போது சொல்லியிருக்கமாட்டேன், கடமை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொரோனாவில் வகுப்புகள் நின்றன. ஐந்து மாதம் மிச்சம் ஒன்றும் இல்லை. அதே காலத்தில் வட்டி வீதமும் இறங்கி, எங்கள் கடன் ஒன்பதுக்கு வந்தது. பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தபோது அவர் மறுபடி கேட்டார். "இப்ப வட்டி குறைவுதானே. இப்பயாவது கொஞ்சம் ஒதுக்கி வெப்பம்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, கடன் மலிவாக இருக்கும்போது காசைக் கையில் வைத்திருப்பது சுலபம். ஆனால் அவர் சொன்ன முழாறபாக் கணக்கின் லாபமும் ஐந்துக்கு இறங்கியிருந்தது. நான் அதைக் காட்டினேன். விஷயம் முடிந்தது.

ஒரே ஒரு தடவைதான் அவர் தனக்கென்று கேட்டார். அந்த வருடம் ஆலைக்கு நல்ல விளைச்சல். முதலாளி பழைய ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டு இலட்சம் கொடுத்தார். அவர் காசைக் கொண்டு வந்து என் கையில் தரவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"இத மட்டும் வெச்சிக்குவம் புள்ள."

"என்னத்துக்கு?"

"சும்மா. ஒரு தேவைக்கு."

"புது பைக்கா?"

அவர் சட்டைப் பையை ஒருமுறை தடவினார். "அப்படியும் வெச்சிக்கோவன்" என்றார்.

"ரெண்டு லட்சம் இப்ப கட்டினா ஏழெட்டு மாசம் குறையும் மச்சான். அவ்வளவு மாசத் தவணை. பைக் ஓடுதுதானே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். அடுத்த திங்கட்கிழமை கடிதத்தோடு போய்க் கட்டினேன்.

பிறகு பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. வங்கியிலிருந்து கடிதம் வந்தது: வட்டி வீதம் இருபத்தாறு. எழுத்துப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளுக்கு அப்படிக் கடிதம் வந்தது. ஒரு வீட்டில் தவணை இருபதாயிரத்துக்கு மேல் கூடியது. இன்னொரு வீட்டார் கட்ட முடியாமல் வளவில் பாதியை விலை பேசினார்கள். எங்கள் முதல் பன்னிரண்டு இலட்சத்துக்கு வந்திருந்தது. இருபத்தாறு வீதத்திலும் மாத வட்டி இருபத்தாறாயிரம்தான். பழைய தவணையே அதற்குப் போதும், மூன்றரை வருடத்துக்குள் கடனும் முடியும். முற்கூட்டிக் கட்டாமல் இருந்திருந்தால் வட்டி மட்டுமே அறுபதாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

அன்று அவர் எனக்கு முன்னால் ஒப்புக்கொண்டார். "நீ சொன்னதுதான் சரி. இல்லாட்டி நாம இண்டைக்கு நடுத்தெருவில." எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைக்கக் கூசுகிறது. என் மூத்த சகோதரர் காக்கா வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக்கூட எங்கள் வீட்டுக் கணக்கை உதாரணமாகக் கரும்பலகையில் போட்டேன்.

ஆனால் மிச்சம் என்பது அந்த வருடத்தோடு நின்றது. அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பசளை இல்லாமல் வயல் விளையவில்லை. நெல் வராமல் ஆலை கிழமைக்கு மூன்று நாள் ஓடியது, அவருடைய சம்பளம் பாதியானது. டியூஷன் காசு தவணையைக் கட்டவே போனது. இங்கேதான் நான் கையெழுத்து வைத்த அந்தத் தெரிவு எங்களைப் பிடித்தது. காலத்தைக் குறைத்தோமே தவிர, தவணையைக் குறைக்கவில்லை. கடனில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மாதம் கட்ட வேண்டியது முதல் நாள் கட்டிய அதே நாற்பத்தைந்தாயிரம்.

ஒரு காலை, தண்ணீர் மோட்டாரைப் போடப் போனவர் கிணற்றடியில் குந்திவிட்டார். மகள்தான் கண்டு கூப்பிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வியர்வை. முச்சக்கர வண்டியில் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் மூன்று குழாய் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்தோம். ஆனால் மருந்தும் சாமானும் இல்லாமல் அவசரமானதைத் தவிர மற்றவற்றைப் பின்போட்ட காலம் அது. "எட்டு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். முடிந்தால் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்யுங்கள்" என்றார் டொக்டர். கொழும்பில் கேட்டார்கள் பதினெட்டு இலட்சம்.

நாங்கள் ஐந்து வருடத்தில் முற்கூட்டிக் கட்டியது பதின்மூன்று இலட்சத்துக்கு மேல். கையில் இருந்தது எழுபதாயிரம்.

கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அவர் அதைச் சொன்னார். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவே ஒருக்கா மூச்சு முட்டின. ஆலையில மாடிப்படி ஏறக்குள்ள. டொக்டர்கிட்டக் காட்டினன். கொழும்புக்குப் போய் இந்த டெஸ்ட எடுக்கச் சொன்னவர்."

"எப்ப?"

"போனஸ் தந்த மாசம்."

என் கையில் தோடம்பழம் அப்படியே இருந்தது. "அதுக்கா கேட்டீங்க அந்தக் காச? ஏன் சொல்லல்ல?"

"மறுகா கொஞ்சம் சுகமாப் போச்சி. நீயும் சந்தோஷமாக் கட்டிட்டு வந்த." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உட்டுத் தள்ளு. ஊடு மிஞ்சிச்சில்ல."

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் வங்கிக்குப் போனேன். அந்த மிஸ்தான் இருந்தார். நான் கேட்டது இப்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வணிகம் படிப்பிக்கிறவள் கேட்கிற கேள்வியல்ல.

"நான் கூடக் கட்டின காசில ஒரு பகுதியத் திருப்பித் தரேலாதா மிஸ்? தவணை கூடட்டும். காலம் கூடட்டும்."

அவர் கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "முதலுக்குக் கட்டினது கடனத் தீர்த்த காசு டீச்சர். அது உங்கட கணக்கில இல்ல. திரும்ப எடுக்கிறதெண்டா புதுக் கடனாத்தான் எடுக்கணும்."

"அப்ப புதுக் கடன். ஊடு இரிக்கி. ஈடு உங்கட கையிலதானே இரிக்கி. நாங்க ஒரு தவணை பிந்தினதில்ல."

"தெரியும். உங்கட ஃபைலப் பார்த்தா எனக்கே பெருமையா இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "புதுக் கடன் ஒண்டும் விடவேணாமெண்டு தலைமைக் காரியாலயம் சொல்லியிருக்கு. விட்டாலும் வட்டி முப்பதுக்குக் கிட்ட. சம்பளச் சீட்டுக் கேட்பாங்க. பாதிச் சம்பளத்துக்குப் பாஸாகாது. அவருக்கு இப்ப இருக்கிற வருத்தத்தோட..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இருந்தாலும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டார். இரண்டு கிழமையில் முடியாது என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்குத் தவணையைக் குறைத்துக் கட்ட மட்டும் எப்படியோ அனுமதி வாங்கித் தந்தார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் காசு தேடியதுதான். என் மாலையையும் மகளுக்கென்று வைத்திருந்த இரண்டு காப்பையும் விற்றேன். காக்கா தன் பங்கு வயலின் மூன்று போகக் குத்தகையை முன்கூட்டியே வாங்கி, இரண்டரை இலட்சம் தந்தார். ஆலை முதலாளி தந்தார். பள்ளிவாசலில் சேர்த்துத் தந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள், இப்போது கட்டாரில் இருப்பவர்கள், அனுப்பினார்கள். வீட்டை விற்கலாமா என்றும் பார்த்தேன். ஈட்டில் இருக்கும் வீட்டை அந்த வருடம் யார் வாங்குவது? வந்த ஒரே ஒருவர் பாதி விலை கேட்டார். இது என் கணவருக்குத் தெரிந்ததும் அவர் முதல் தடவையாக என்னோடு சத்தம் போட்டார்.

"உன்ட வாப்பாட வளவில நான் கட்டின ஊடு. அத வித்துத்தான் நான் உசிரோட இரிக்கணுமா?"

"ஊடு என்னத்துக்கு மச்சான், நீங்க இல்லாம?"

"அத அஞ்சி வருஷத்துக்கு முந்திக் கேட்டிரிக்கணும்."

அவர் என்னை நோகடிக்கச் சொன்ன ஒரே வார்த்தை அது. சொன்ன உடனேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாய் தவறிட்டு" என்றார். தவறவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பதினாறு இலட்சம் சேர்ந்தது. மீதியைப் பிறகு கட்டலாம் என்று கொழும்பில் ஒத்துக்கொண்டு நாளும் தந்தார்கள். அந்த நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. ளுஹர் தொழுகைக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், மகள் பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லை. முன் அறையில் நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு முன்னால்தான் அவள் ஓடி வந்தாள். அன்றைக்கே அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் அவரை அடக்கினார்கள்.

வாங்கிய காசையெல்லாம் காக்கா மூலம் திருப்பிக் கொடுத்தேன். நகை விற்ற காசு மட்டும் என்னிடம் இருந்தது. நான்கு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். வெளியே போக முடியாது, வகுப்பு இல்லை. அந்த நாட்களில் மணித்தியாலம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

இரண்டாவது மாதம் அந்த வங்கி மிஸ் வீட்டுக்கே வந்தார். ஒரு மஞ்சள் உறையில் பத்திரங்கள் இருந்தன. கடன்காரருக்கு மரணம் நேர்ந்தால் நிலுவையை மூடும் கூட்டுக் காப்புறுதி ஒன்று இருக்கிறது, கடன் எடுத்தபோதே அதற்கான கட்டணத்தை மொத்தமாகக் கழித்துக்கொண்டார்கள் என்று விளக்கினார். அன்று கையெழுத்து வைத்த இருபது தாள்களில் அதுவும் ஒன்று. நான் வாசிக்கவில்லை. என் கணவர் வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது.

"மரணச் சான்றிதழும் ஆஸ்பத்திரி ரிப்போட்டும் தந்தாப் போதும் டீச்சர். கடன் எடுத்ததுக்குப் பிறகு வந்த வருத்தம்தானே, பிரச்சினை வராது. இனி நீங்க ஒரு சதமும் கட்டத் தேவையில்ல."

"எவ்வளவ மூடுவாங்க?"

"நிலுவை பதினொரு லட்சத்துச் சொச்சம். முழுதும்."

நான் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

"நான் ஒண்டும் கூடக் கட்டாம, தவணைய மட்டும் கட்டிட்டு இருந்திருந்தா?"

அவர் கையில் இருந்த மஞ்சள் உறையை மடித்தார்.

"சொல்லுங்க மிஸ். நான் இதப் படிப்பிக்கிறவ."

"எவ்வளவு நிலுவையோ அவ்வளவையும் மூடியிருப்பாங்க" என்றார். "ஆனா டீச்சர், அப்படிப் பார்க்கக் கூடாது. அந்த வட்டியில நீங்க தவணை கட்டியே இருக்கமாட்டீங்க. இது யாருக்குத் தெரியும் முன்கூட்டி?"

மிஸ் சொன்னது உண்மை. ஆனால் அந்த முப்பதாயிரங்கள் கையில் இருந்திருந்தால், ஏறிய தவணையை ஒன்றிரண்டு வருடம் அதிலிருந்தே கட்டியிருக்கலாம். அதற்கு முன்பே அவர் கொழும்புக்குப் போய் அந்தச் சோதனையை எடுத்திருக்கலாம். பாதியைக் கட்டி, பாதியை வைத்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று இத்தாவின் மிச்ச நாட்களில் ஒரு கொப்பி முழுக்க எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் கொஞ்ச வட்டி கூடப் போகிறது. எப்படி எழுதினாலும் போனஸ் மாதத்தில் கையில் காசு இருக்கிறது. அந்தச் சோதனையை எடுத்திருந்தால் அவர் இருந்திருப்பாரா என்பதை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அஜல், குறித்து வைத்த நேரம், வந்தால் யாரும் பிந்தமாட்டார்கள் என்று உம்மா சொன்னா. எனக்கு ஈமான் இருக்கிறது, அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே அந்தக் கொப்பியையும் எழுதினேன்.

வங்கி ஈட்டை நீக்கித் தந்தபோது, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய நானும் மகளும் போனோம். லிகிதர் விடுதலைப் பத்திரத்தில் முத்திரை குத்தி, "இப்ப வீடு முழுக்க உங்கட" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள் உறுதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பதினேழு வயது. அந்த வீடு ஒருநாள் அவளுக்குப் போகும்.

"உம்மா, இனி டியூஷன் காசி முழுக்க மிஞ்சும்தானே?" என்று கேட்டாள். "என்ன செய்யப் போறீங்க?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகிறது. மாதம் மிஞ்சுவதை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுக்கொண்டு வருகிறேன். சிலர் தங்கம் வாங்கச் சொல்கிறார்கள், சிலர் வயல் பிடிக்கச் சொல்கிறார்கள். விலைகள் ஏறிய ஏற்றத்தில் அந்தக் காசு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. வங்கிப் பக்கம் போகும் நாட்களில், அங்கே வேறு அலுவல் இல்லாவிட்டாலும், கணக்கில் மீதி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டுவிட்டு வருகிறேன்.